சூப்பியை எடுத்த பிறகும் அதே பார்வை: கைக்குழந்தைப் படத் திருத்தம் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

ஹட்டனுக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், லயத்து வீட்டில் வாழ்ந்த முதியவர் ஒருவர் காலமானார். பதினாறாம் நாள் காரியத்துக்கு வைக்கப் படம் தேடியபோது, பேத்தியை அவர் மடியில் வைத்திருக்கும் படம் ஒன்றே ஒன்றுதான் வீட்டாருக்குக் கிடைத்தது. மகன் போனில் எடுத்தது. அப்போது பேத்திக்கு ஏழு மாதம். கம்பளிக் குல்லா, ஸ்வெட்டர், கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு, வாயில் பச்சை நிறச் சூப்பி. தாத்தா அவளைப் பார்த்துச் சிரிக்கிறார். அவள் அண்ணாந்து அவர் முகத்தைப் பார்க்கிறாள்.

நகரத்து ஸ்டூடியோ ஒன்றுக்கு மகன் அந்தப் படத்தைக் கொண்டுவந்தார். சூப்பியை எடுத்துவிட்டு, 12 × 16 அங்குலத்தில் சட்டம் போட்டுத் தர வேண்டும் என்பதுதான் வேலை. கையில் பதினோரு நாள் இருந்தது.

இது வீட்டில் மாட்டும் படம் என்பதால்தான் இந்த வேலையை ஏற்க முடிந்தது. கடவுச்சீட்டுக்கான படம் என்றால் முகத்தில் எதையும் திருத்தக் கூடாது. சூப்பி இல்லாமல் மறுபடி எடுப்பது ஒன்றே வழி.

படத்தில் என்ன இருந்தது

முதலில் வந்தது வாட்ஸ்அப் வழியாக அனுப்பிய பிரதி, 1200 × 1600 பிக்சல். அதில் குழந்தையின் முகம் 256 பிக்சல் அகலம்தான். கன்னத் தோலின் நயம் முழுவதும் கோப்பைச் சுருக்கியதில் கரைந்து, சூப்பியின் விளிம்பைச் சுற்றிச் சின்னச் சின்னக் கட்டங்களாக நின்றது. மகனின் போனிலிருந்து கேபிள் போட்டு அசலை எடுத்ததும் 3000 × 4000 பிக்சல் கிடைத்தது. அதில் முகம் 640 பிக்சல், சூப்பியின் தட்டு 240 பிக்சல். இந்த வேலைக்கு அது போதும்.

வெளிச்சம் படத்தின் இடப்பக்கம் திறந்திருந்த கதவிலிருந்து வந்தது. வெளியே மூட்டம், அதனால் நிழல்கள் மென்மையாக விழுந்திருந்தன. வெயிலில் எடுத்த படத்தில் சூப்பியின் நிழல் கத்தியால் கீறியதுபோல் நாடியில் விழும். இங்கே அது இல்லாதது பெரிய உதவி.

சூப்பி மறைத்திருந்தது வாயை மட்டும் அல்ல. மூக்குக்குக் கீழுள்ள பள்ளம், இரண்டு வாயோரங்கள், கீழுதட்டுக்கும் நாடிக்கும் நடுவிலுள்ள மடிப்பு எல்லாமே தட்டுக்கு அடியில். தட்டைச் சுற்றிச் சுமார் 20 பிக்சல் அகலத்துக்குப் பச்சை நிறம் தோலில் பட்டுத் தெறித்திருந்தது. தொங்கும் வளையத்தின் நிழல் நாடியில் வளைவாக விழுந்திருந்தது. தட்டிலுள்ள இரண்டு காற்றுத் துளைகள் வழியாகக் கொஞ்சம் தோல் தெரிந்தது. உண்மையான தோல்தான், ஆனால் தட்டின் நிழலுக்குள் இருப்பது. அதைப் பார்த்து நிறத்தை அறியலாம், வெளிச்சத்தின் அளவை அறிய முடியாது.

முதல் முயற்சி, அது ஏன் பொய்த்தது

குழந்தைக்கு இப்போது ஒன்பது மாதம். அவளை ஸ்டூடியோவுக்கே தூக்கிவரச் சொல்லி, விளக்கு வைத்துச் சிரிக்கவைத்து ஒரு படம் எடுத்தார்கள். துல்லியமான, கூர்மையான படம். அதிலிருந்து வாயை வெட்டி, சுருக்கி, பழைய படத்தில் பொருத்தினார்கள். ஐம்பது நிமிடத்தில் முடிந்தது. விளிம்பு எங்கேயும் தெரியவில்லை.

மறுநாள் குழந்தையின் அப்பாயி வந்து திரையைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இது நம்ம புள்ள இல்ல தம்பி. வேற யாரோ புள்ள வாயி" என்றார்.

அவர் சொன்னது சரி. முகத்தின் எந்தப் பகுதியும் தனியாகத் தவறாக இல்லை. கண்ணும் வாயும் இரண்டு வேறு நேரத்தைச் சொன்னதுதான் தவறு. குழந்தை மனம்விட்டுச் சிரிக்கும்போது கன்னம் மேலே எழும்பும், கீழிமை தள்ளப்படும், கண் சற்றுச் சுருங்கும். பழைய படத்தில் கண்கள் அகல விரிந்திருக்கின்றன. புருவம் லேசாகத் தூக்கியிருக்கிறது. கீழிமை தட்டையாக இருக்கிறது. அது சிரிக்கும் முகம் அல்ல, ஒருவரை உற்றுப் பார்க்கும் முகம். அதன் கீழே சிரிக்கும் வாயை வைத்தால், பார்ப்பவருக்குக் காரணம் சொல்லத் தெரியாவிட்டாலும் மனம் ஒட்டாது.

இன்னும் இரண்டு பிழைகள் இருந்தன. புதிய படத்தில் கீழே இரண்டு பற்கள் முளைத்திருந்தன. ஏழாம் மாதத்தில் அவளுக்குப் பல் இல்லை என்பதை அப்பாயிதான் சுட்டிக்காட்டினார். ஸ்டூடியோ விளக்கு முன்னால் இருந்ததால் கீழுதட்டின் மினுக்கம் நட்ட நடுவில் விழுந்திருந்தது. கதவு வெளிச்சத்தில் அது இடப்பக்கம் விழ வேண்டும்.

கைக்குழந்தையின் முகம் வாரத்துக்கு வாரம் மாறும். பெரியவர் படத்தில் இரண்டு மாத வித்தியாசம் ஒன்றும் செய்யாது, இங்கே அது பல்லாக முளைத்து நிற்கும். ஆகவே கூர்மை குறைந்ததாக இருந்தாலும் அதே நாளில் எடுத்த படம்தான் மேல்.

எடுத்த முடிவு

வீட்டாரிடம் அப்போதுதான் ஒழுங்காகக் கேட்டார்கள்: சூப்பி இல்லாமல், தாத்தாவைப் பார்க்கும்போது பிள்ளையின் வாய் எப்படி இருக்கும்? தாய் உடனே சொன்னார்: "சிரிக்க மாட்டா. வாயத் தொறந்துக்கிட்டே பாப்பா. வாநீ ஒழுகும்."

இந்த ஒரு பதில் வேலையின் திசையையே மாற்றியது. தேட வேண்டியது லேசாகத் திறந்த, எச்சில் மினுங்கும் வாய். அதே நாளில் எடுத்த வேறு ஏதாவது இருக்கிறதா என்று போனைத் துழாவியபோது, படம் எடுத்த சில நிமிடங்களுக்குள் தாய் எடுத்த 11 விநாடி வீடியோ ஒன்று கிடைத்தது. அதே மடி, அதே கதவு வெளிச்சம். ஆறாவது விநாடியில் சூப்பி வாயிலிருந்து நழுவி விழுகிறது.

சூப்பி விழுந்த அந்தக் கணம் பொன்னானது. சூப்பியின் காம்பு வாயில் இருந்தபோது தாடை எவ்வளவு இறங்கியிருந்ததோ, விழுந்த மறுகணமும் ஏறக்குறைய அதே அளவில்தான் இருக்கும். கண்ணும் இன்னும் தாத்தா மேல்தான். அரை விநாடி போனால் குழந்தை குனிந்து சூப்பியைத் தேடுவாள், அல்லது உதடு பிதுக்கி அழத் தொடங்குவாள்.

ஒரு குறை உண்டு. வீடியோவின் அளவு 1080 × 1920, அதில் முகம் 330 பிக்சல் அகலம்தான். அசலுக்குப் பொருத்த 1.94 மடங்கு பெரிதாக்க வேண்டும். அப்படிப் பெரிதாக்கினால் தோல் மெழுகுபோல் ஆகும். எனவே வாயின் வடிவத்தையும் நிழலையும் வீடியோவிலிருந்து எடுப்பது, தோலின் நயத்தை அசல் படத்தின் கன்னத்திலிருந்தே எடுப்பது என்று முடிவானது.

செய்தது

வீடியோவின் அந்தப் பகுதியைச் சட்டம் சட்டமாக, அதாவது தனித்தனிப் படங்களாக, பிரித்தார்கள்:

```
ffmpeg -i video.mp4 -ss 5.5 -t 2 frame_%03d.png
```

விநாடிக்கு 30 சட்டம் என்பதால் 60 படங்கள் கிடைத்தன. சூப்பி விழுவது 15ஆவது சட்டத்தில். அடுத்த நான்கைந்தில் வளையம் இன்னும் நாடிக்கு முன்னால் மங்கலாகத் தெரிந்தது. 21ஆவது சட்டம் சுத்தமாக இருந்தது. 30ஐத் தாண்டியதும் தலை குனிந்துவிட்டது. தேர்ந்தெடுத்தது 21.

ஃபோட்டோஷாப்பில் அந்தச் சட்டத்தை அசல் படத்தின் மேல் தனி லேயராக வைத்து, ஒளிபுகா அளவை 50 சதவீதமாகக் குறைத்துப் பொருத்தினார்கள். பொருத்தியது வாயை வைத்து அல்ல. இரண்டு கண்களின் உள்மூலை, மூக்கின் அடி ஆகிய மூன்று புள்ளிகளும் ஒன்றன்மேல் ஒன்று விழும்வரை பெரிதாக்கி, சற்றுச் சுழற்றினார்கள். அவை விழுந்துவிட்டால் வாய் தானாகவே தன் இடத்துக்கு வரும். வாயைக் கண்ணளவில் "நடுவில்" வைக்கப் போனால்தான் கோணல் வரும், ஏனென்றால் அண்ணாந்து ஒரு பக்கம் திரும்பிய முகத்தில் வாய் நடுவில் இருக்காது.

சரிபார்க்க ஓர் அளவு எடுத்தார்கள். வீடியோவில் கண்களின் உள்மூலைகளுக்கு நடுவே 76 பிக்சல், வாயின் அகலம் 92. அதாவது வாய் 1.21 மடங்கு. அசல் படத்தில் உள்மூலைகளுக்கு நடுவே 148 பிக்சல் என்பதால் வாய் சுமார் 179 வர வேண்டும். வந்தது 183. முகம் திரும்பிய கோணத்தில் இருந்த சிறு வித்தியாசம் அது. Puppet Warp கொண்டு வலது வாயோரத்தை மட்டும் 4 பிக்சல் உள்ளே தள்ளினார்கள். இதற்கு மேல் இழுக்க வேண்டி வந்தால் சட்டமே தவறு என்று வைத்துக்கொண்டு வேறு சட்டம் தேடுவதே நல்லது. இழுத்து இழுத்துப் பொருத்திய வாய் எப்போதும் ஏளனமாகச் சிரிப்பதுபோல் முடியும்.

அடுத்தது, வாய்ப் பகுதியை மட்டும் காட்டும் மாஸ்க்கின் விளிம்பு எங்கே ஓட வேண்டும் என்பது. வாயோரத்தை ஒட்டி வெட்டினால் ஓரத்தில் விழும் சின்னக் குழி போய்விடும். முகபாவத்தில் பாதி அந்தக் குழியில் இருக்கிறது. இங்கே விளிம்பு மேலே மூக்குத் துளைகளுக்கு அடியிலும், கீழே நாடி மடிப்பின் நிழலுக்குள்ளும், பக்கங்களில் கன்னத்தின் சமமான தோலிலும் ஓடியது. 10 பிக்சல் மென்மை கொடுத்தார்கள். மடிப்பின் நிழல் இயல்பாகவே ஒரு கோடு என்பதால் தையல் அதற்குள் மறைந்துவிடும்.

நிறம் மூன்று இடங்களில் ஒப்பிடப்பட்டது: மூக்கடி, தட்டுக்கு மேலே தெரிந்த தோல், நாடியின் நுனி. வீடியோ சற்று நீலம் பாய்ந்திருந்தது, Curves கொண்டு சரிசெய்தார்கள். அசலில் தெறித்திருந்த பச்சைக்கு வெற்று லேயர் ஒன்றை Color முறையில் வைத்து, தள்ளியிருக்கும் கன்னத்தின் நிறத்தை எடுத்து, 12 சதவீத பிரஷ்ஷால் தடவினார்கள். இந்த முறையில் நிறம் மட்டும் மாறும், வெளிச்சமும் நயமும் அப்படியே நிற்கும். பச்சையைப் பார்க்காமல் விட்டால், சூப்பி போன பிறகு குழந்தை நோயாளிபோல் தெரியும்.

வளையத்தின் நிழலையும் எடுத்தாக வேண்டும். பலர் மறந்துவிடுவது இதைத்தான். பொருள் போய் அதன் நிழல் நின்றால், நாடியில் தழும்பு இருப்பதுபோல் படும். மாஸ்க் போட்ட Curves லேயரால் அந்த வளைவை மட்டும் மெல்ல வெளிச்சமாக்கினார்கள்.

இப்போது வாய் சரியான இடத்தில், சரியான நிறத்தில் இருந்தது. ஆனால் அதைச் சுற்றிய தோல் வழவழவென்று இருந்தது. அசலின் கன்னத்திலிருந்து பொட்டில்லாத 150 பிக்சல் துண்டுகளை நகலெடுத்து, வாயைச் சுற்றிய தோலின் மேல் வைத்து, High Pass வடிகட்டியை 4 பிக்சல் ஆரத்தில் கொடுத்து, Linear Light முறையில் 50 சதவீதத்தில் நிறுத்தினார்கள். அந்த முறை நயத்தை இரண்டு மடங்காகக் காட்டும் என்பதால் 50 என்றால் அசலில் உள்ள அளவே வரும். நெற்றித் தோலை எடுக்கவில்லை. நெற்றி மேலே பார்த்த பரப்பு, வெளிச்சம் வேறு மாதிரி விழும்.

உதட்டு விளிம்பிலிருந்து 10 பிக்சலுக்குள் ஹீலிங் பிரஷ்ஷைத் தொடவில்லை. அது பக்கத்து நிறத்தை இழுத்துக் கலப்பது, உதட்டுச் சிவப்பு தோலில் கசியும். அந்த ஓரத்தில் குளோன் ஸ்டாம்ப் மட்டும், Sample என்பதை Current & Below என்று வைத்து, வெற்று லேயரில். திருஷ்டிப் பொட்டுக்கும் இதே விதிதான். தட்டிலிருந்து 30 பிக்சல் தூரத்தில் இருந்த பொட்டு, ஹீலிங் பிரஷ் பட்டதும் ஒருமுறை மைபோல் இழுபட்டது. தனி லேயர் என்பதால் அழித்துவிட்டு மறுபடி செய்ய முடிந்தது. ஒரு கன்னத்தை மறுபக்கம் புரட்டி ஒட்டும் குறுக்குவழியும் இங்கே உதவாது. பொட்டு இரண்டாகும், வெளிச்சமும் எதிர்ப்பக்கம் திரும்பும்.

உதட்டின் மினுக்கம் வீடியோவில் கொஞ்சம் நடுவுக்கு நகர்ந்திருந்தது, தாய் ஓரடி விலகி நின்று எடுத்ததால். அதை 6 பிக்சல் இடப்பக்கம் நகர்த்தினார்கள். மேலுதட்டின் நடுவில் சப்பிச் சப்பித் தடித்த சின்னத் திட்டு ஒன்று இருந்தது. அதைத் தொடவில்லை. கடைசியாக வாய்ப் பகுதிக்கு மட்டும் ஒரே நிறத்திலான 1.5 சதவீத இரைச்சலை, அதாவது பொடிப் புள்ளிகளை, சேர்த்து, 200 சதவீதப் பெரிதாக்கத்தில் கன்னத்தோடு ஒப்பிட்டார்கள்.

சரிபார்த்த விதம்

முகத்தின் கீழ்ப்பாதியைக் காகிதத்தால் மூடி, கண் என்ன சொல்கிறது என்று பார்த்தார்கள். பிறகு மேல்பாதியை மூடி வாயைப் பார்த்தார்கள். இரண்டும் ஒரே சொல்லைச் சொல்ல வேண்டும். இங்கே இரண்டும் "பார்க்கிறாள்" என்றன. முதல் முயற்சிக்கும் இதே சோதனை செய்தபோது மேலே "பார்க்கிறாள்", கீழே "சிரிக்கிறாள்" என்று வந்தது. ஐம்பது நிமிட வேலையில் இந்த ஒரு நிமிடம் சேர்ந்திருந்தால் போதுமாயிருக்கும்.

படத்தைக் கண்ணாடியில் பார்ப்பதுபோல் புரட்டிப் பார்த்தபோது வலது வாயோரம் ஒரு நூல் இறங்கியிருந்தது தெரிந்தது, திருத்தினார்கள். பிறகு 4 × 6 அங்குலத்தில் ஒரு பரீட்சை அச்சு. திரையில் தெரியாத பச்சைச் சாயல் அச்சில் நாடியின் அடியில் தெரிந்தது, அதையும் எடுத்தார்கள். இரண்டாவது முயற்சிக்கு மொத்தம் நான்கு மணி நேரம் பிடித்தது.

முடிவில் நடந்தது

பரீட்சை அச்சை வீட்டுக்கு அனுப்பினார்கள். தகப்பன் எச்சில் மினுக்கத்தையும் துடைத்துவிடச் சொன்னார். அப்பாயி மறுத்துவிட்டார்: "அது இருக்கட்டும்பா. அவரு துண்டால தொடச்சிக்கிட்டேதான் இருப்பாரு." எச்சில் இருந்தபடியே பெரிய அச்சு போனது. பதினாறாம் நாளுக்கு இரண்டு நாள் முன்னதாகவே கொடுத்தாயிற்று. சூப்பியோடு இருக்கும் அசல் படத்தையும் திருத்திய படத்தோடு ஒரே மெமரி கார்டில் தனிப் பெயரில் வைத்துக் கொடுத்தார்கள்.

பிளாஸ்டரும் சாப்பாடும் என்றால்

குழந்தையின் முகத்தை மறைப்பது பிளாஸ்டராகவோ சாப்பாடாகவோ இருக்கும் படங்களும் இதே ஸ்டூடியோவுக்கு வருவதுண்டு. அவற்றுக்கு இந்த வழியை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. பருப்புச்சோறோ, நனைந்த பிஸ்கட்டோ பூசியிருந்தால் அடியில் தோலின் வடிவம் தெரிந்துகொண்டே இருக்கும். அங்கே முதலில் நிறத்தை மட்டும் மாற்றிப் பார்க்க வேண்டும். கட்டியாக ஒட்டிய பருக்கைகளுக்கு மட்டும் குளோன் போதும். வாய் முழுவதையும் மாற்றப் போனால் இருக்கிற நல்ல முகபாவத்தை வீணாக்குவோம்.

மருத்துவமனையில் கன்னத்தில் குழாயைப் பிடித்து ஒட்டிய பிளாஸ்டர் வேறு மாதிரி. அது தோலை இழுத்துப் பிடிக்கும், அந்தப் பக்க வாயோரம் சற்று மேலே ஏறியிருக்கும். பிளாஸ்டரை மட்டும் அழித்தால் காரணமில்லாமல் கோணிய வாய் மிஞ்சும். மறுபக்க வாயோரத்தின் உயரத்தைப் பார்த்து, இழுவையையும் சேர்த்துத் தளர்த்த வேண்டும்.

அடுத்த முறை மாற வேண்டியவை

புதிய படம் எடுக்கும் முன் பழைய போனைத் துழாவியிருக்க வேண்டும். அதே நாளின் படங்கள், அதற்கும் மேலாக வீடியோக்கள். பிள்ளையின் வாய் அந்த நேரத்தில் எப்படி இருக்கும் என்ற கேள்வியை, வேலையை வாங்கும்போதே, பிள்ளையைத் தினமும் தூக்குகிறவரிடம் கேட்க வேண்டும். இங்கே படத்தைக் கொண்டுவந்தவர் தகப்பன், பதில் தெரிந்தவர்கள் தாயும் அப்பாயியும். வாட்ஸ்அப்பில் அனுப்புகிறவர்களிடம் படமாக அனுப்பாமல் டாக்குமென்ட்டாக அனுப்பச் சொன்னால் அளவு குறையாமல் வந்து சேரும்.

ஒரு குறை கடைசிவரை நின்றது. கன்னத்தின் நயத்தை உதட்டின் மேல் போட முடியாது என்பதால், உதடு வீடியோவின் மங்கலோடேயே இருக்கிறது. 12 × 16 அச்சில் அங்குலத்துக்கு 250 பிக்சல்தான். ஒரு முழ தூரத்தில் நின்று பார்த்தால் குழந்தையின் கண்ணிமை முடிகள் ஒவ்வொன்றாகத் தெரியும், உதட்டின் கோடுகள் தெரியாது. 8 × 10 அளவில் அச்சிட்டிருந்தால் இந்த வித்தியாசம் கண்ணில் பட்டிராது. அதை அச்சுக்கு முன்னாலேயே வீட்டாரிடம் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை.